ஏற்காடு எக்ஸ்பிரஸில் இறங்கி வளசரவாக்கம் அக்கா வீட்டுக்குப் போவது எப்படி: தங்கச்சி கேட்ட கேள்விகளும் பதில்களும்

சித்தி பொண்ணு ஏற்காட்டிலிருந்து முதல் தடவையாகத் தனியாகச் சென்னை கிளம்புகிறாள். சேலத்தில் ரயில் ஏறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வளசரவாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். போனில் விட்டு விட்டு அவள் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி அனுப்பினால் வழியில் எடுத்துப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று இதை எழுதுகிறேன். அடுத்து நம் வீட்டிலிருந்து யார் போனாலும் இதையே அனுப்பலாம்.

அண்ணா, முதல்ல மொத்த வழியையும் சுருக்கமா சொல்லிடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்கிறேன்.

சென்ட்ரலில் இறங்கு. ஸ்டேஷனுக்கு வெளியே, தரைக்கடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போ. பச்சைத் தடத்தில், பரங்கிமலை பக்கம் போகும் வண்டியில் ஏறி வடபழனியில் இறங்கு. வழியில் வண்டி மாற வேண்டியதே இல்லை. வடபழனி சிக்னலுக்கு நடந்து வந்து, ஆற்காடு சாலையில் போரூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, கேசவர்த்தினி ஸ்டாப்பில் இறங்கு. அங்கே மாமா வந்து நிற்பார்.

இதில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை மூன்றுதான்: பச்சைத் தடம், வடபழனி, கேசவர்த்தினி. போன் அணைந்துவிட்டாலும் இந்த மூன்றும் தெரிந்தால் போதும், யாரிடமாவது கேட்டே வந்து சேர்ந்துவிடலாம். அதனால் ஒரு துண்டுத் தாளில் இவற்றையும் அக்கா, மாமா போன் நம்பர்களையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்.

சேலத்துல எத்தனை மணிக்கு இருக்கணும்? ஏற்காட்டுலருந்து சாயங்காலம் கிளம்பினா போதுமா?

ராத்திரி ரயில்தானே என்று கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்காதே. மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடு. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி வழியாகப் புது பஸ் ஸ்டாண்டு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வழி சுத்தமாக இருந்தால்தான். மழை நாளில் மலைப்பாதையில் ஒரு மரமோ பாறையோ விழுந்தால் வண்டிகளை அப்படியே நிறுத்திவிடுவார்கள். குப்பனூர் வழி இருக்கிறது, ஆனால் அது சுற்று. இருட்டிய பிறகு அதை நம்பி ரயிலைப் பிடிக்க வர வேண்டாம்.

புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ் கிடைக்கும். நேராகச் சூரமங்கலத்தில் நம் வீட்டுக்கு வந்துவிடு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்தால் ரயில் நேரம் வந்துவிடும், நானே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிடுகிறேன். வண்டி ஈரோட்டிலிருந்து வருவது. சேலத்தில் சில நிமிடம்தான் நிற்கும். நம் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று நடைமேடையில் மேலே இருக்கும் போர்டில் பார்த்து, அதன் அடியிலேயே நிற்போம். வண்டி வந்த பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

டிக்கெட்டுல சென்ட்ரல்னு போட்டிருக்கு. எழும்பூர்னா வேற வழியா?

நல்ல கேள்வி. சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டு பாதை உண்டு. ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகப் போகிற வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலுக்குப் போகும். ஏற்காடு எக்ஸ்பிரஸும் அப்படித்தான். ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகப் போகிற சேலம் எக்ஸ்பிரஸ் எழும்பூர் வண்டி.

உன் டிக்கெட் சென்ட்ரலுக்கு, அதனால் குழப்பமில்லை. பின்னால் எப்போதாவது எழும்பூர் வண்டியில் போனாலும் பயப்பட வேண்டாம். எழும்பூரிலும் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, அதுவும் இதே பச்சைத் தடம்தான். சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். வடபழனிக்கு ஒரு ஸ்டேஷன் குறைவு, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனி. எழும்பூர் வண்டிகளைச் சில சமயம் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவார்கள். தாம்பரத்தில் மெட்ரோ கிடையாது. அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினால் ஒட்டியே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. பச்சைத் தடத்தின் மறுமுனை அது. ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி. வழி இன்னும் சுருக்கம்.

நம்ம வண்டி விடியுறதுக்கு முன்னாடியே போயிடுமாமே? அந்நேரத்துக்கு மெட்ரோ ஓடுமா?

ஓடாது. இந்தப் பயணத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியற்காலை 4 மணி வாக்கில் சென்ட்ரலில் கொண்டுபோய் விட்டுவிடும். உன் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள். மெட்ரோ தொடங்குவது காலை 5 மணிக்கு. ஆக, வண்டி சரியான நேரத்துக்குப் போனால் உனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கையில் இருக்கும். வண்டி தாமதமானால் அந்தக் காத்திருப்பு அவ்வளவு குறையும்.

அந்த ஒரு மணி நேரத்தை ஸ்டேஷனுக்குள்ளேயே கழி. வெளியே வந்தாலே, "எங்கம்மா போகணும், ஆட்டோவா, காரா" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். பதில் சொல்ல நின்றால் பேச்சு வளரும். "ஆள் வருது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நடந்துவிடு. சென்ட்ரலில் பெண்களுக்கென்று தனிக் காத்திருப்பு அறை உண்டு, ரயில் டிக்கெட்டைக் காட்டி உட்காரலாம். அங்கே இடம் இல்லையென்றால் நடைமேடைகள் முடிகிற இடத்தில் இருக்கும் பெரிய கூடத்தில், விளக்கும் கடையும் குடும்பங்களும் இருக்கும் பக்கம் உட்கார். அந்நேரத்திலும் அங்கே கூட்டம் இருக்கும், டீ கிடைக்கும், ரயில்வே போலீஸும் சுற்றி வருவார்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, அக்காவுக்கு "இறங்கிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நேரம் போய்விடும். ஏதாவது தொந்தரவு என்றால் 139 ரயில்வே உதவி எண். அதையும் அந்தத் துண்டுத் தாளில் எழுதிக்கொள்.

நாலே முக்கால் வாக்கில் எழுந்து மெட்ரோ பக்கம் நடக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

அதுக்கு பகல் வண்டியிலயே வந்திருக்கலாமோ? கோவை எக்ஸ்பிரஸ் இருக்கே?

கோவை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் சேலத்தைத் தாண்டி, சென்ட்ரலுக்குப் போவது இரவு 11 மணியை ஒட்டி. மெட்ரோ முடிவதும் இரவு 11 மணிக்கு. வண்டி பத்து நிமிடம் தாமதமானால் கடைசி மெட்ரோ போய்விடும். அதன் பிறகு அந்த ராத்திரியில் கார் பிடித்துத்தான் வர வேண்டும். இரவு 11 மணிக்குத் தவறவிட்டால் விடியும் வரை மெட்ரோ கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு இறங்கினால் ஒரு மணி நேரத்தில் மெட்ரோ வந்துவிடும், வெளிச்சமும் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் உனக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் போட்டேன்.

காலையில் கோயம்புத்தூரிலிருந்து வரும் வந்தே பாரத் மத்தியானத்துக்குள் சென்ட்ரல் போய்விடும். நேரத்தைப் பார்த்தால் அதுதான் ரொம்ப வசதி. கட்டணம் அதிகம், ஏற்காட்டிலிருந்து காலையில் இறங்கி வந்து அதைப் பிடிக்கவும் முடியாது. முந்தின நாளே சேலம் வந்து தங்கினால்தான் முடியும். அடுத்த முறை பார்க்கலாம்.

சென்ட்ரல் ரொம்பப் பெருசாமே. இறங்கினதும் எந்தப் பக்கம் நடக்கணும்னு எப்படித் தெரியும்?

நம் சேலம் ஜங்ஷனில் வண்டி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். சென்ட்ரலில் தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எல்லா நடைமேடைகளும் ஒரே பக்கத்தில் போய் ஒரு பெரிய கூடத்தில் சேரும். அதனால் கணக்கு ரொம்ப எளிது. வண்டி எந்தத் திசையில் ஓடி வந்து நின்றதோ, அதே திசையில், எஞ்சினை நோக்கி நட. உன் பெட்டி பின்னால் இருந்தால் நடை நீளமாக இருக்கும், ஆனால் வழி தவறாது. எந்த நடைமேடையில் வண்டி நின்றாலும் இது பொருந்தும்.

இறங்கும் முன் ஒன்று. சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் பெரம்பூரில் வண்டி நின்றால் நிறையப் பேர் மூட்டை முடிச்சோடு இறங்குவார்கள். அதைப் பார்த்துச் சென்னை வந்துவிட்டது என்று நீயும் இறங்கிவிடாதே. எல்லோரும் இறங்கி, வண்டியே காலியாகிற இடம்தான் சென்ட்ரல்.

கூடத்துக்கு வந்து முன்வாசல் வழியாக வெளியே வா. மெட்ரோவுக்கு எழுத்துப் பலகை, அம்புக்குறி எல்லாம் இருக்கும். மெட்ரோ ஸ்டேஷன் முன்பக்கம் தரைக்கடியில் இருக்கிறது, படிக்கட்டோடு எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு. அதன் முழுப்பெயர் நீளமானது: புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ. பலகையில் அந்தப் பெயரைப் பார்த்து இது வேறு ஸ்டேஷனோ என்று நினைத்துவிடாதே.

பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகம் இருக்கிறது, அது ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயிலுக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் பார்க் ஸ்டேஷன், அது தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலுக்கு. "ட்ரெயின் எங்கே" என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைக் காட்டிவிடுவார்கள். "மெட்ரோ எங்கே" என்றே கேள்.

நம்ம சேலத்துல மெட்ரோவே இல்லை. நான் ஏறினதே இல்லைண்ணா. டிக்கெட் எப்படி எடுக்கிறது, அந்த கேட் எப்படித் திறக்கும்?

முதலில் பை பரிசோதனை. ஏர்போர்ட்டில் இருப்பது போல ஓடும் பட்டையில் பையை வைத்துவிட்டு, நீ பக்கத்து வாசல் வழியாக நடந்து அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பர்ஸையும் போனையும் பைக்குள் போட்டு விட்டுவிடாதே, கையில் வைத்துக்கொள்.

அப்புறம் கவுன்டரில் "வடபழனி ஒண்ணு" என்று கேள். ஒரு சின்னத் தாள் தருவார்கள், அதில் க்யூஆர் கோடு அச்சடித்திருக்கும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. குறைந்தது 10 ரூபாய், எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல் போகாது. போனிலேயே டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறைவு. மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து Chennai One என்று ஒரு ஆப் இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்கப் பயணம் செய்த போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது, இந்த முறை தாளே எடு. சில்லறையாகப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் வைத்திரு.

கேட்டில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் சதுரம் இருக்கும். தாளில் அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் காட்டினால் தடுப்பு விலகும். விலகியதும் தயங்காமல் பையோடு கடந்துவிடு, உடனே மூடிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு கேட் மட்டும் அகலமாக இருக்கும், பெரிய பை இருந்தால் அதில் போ.

முக்கியமானது இனிமேல்தான். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதே. வடபழனியில் வெளியே போகவும் அதையேதான் காட்ட வேண்டும். டவுன் பஸ் டிக்கெட்டை இறங்கும் முன்பே சுருட்டிப் போட்டுப் பழகிய நமக்கு இதுதான் மறக்கும். போன் உறைக்குள் செருகி வைத்துவிடு.

பச்சை, நீலம் ரெண்டும் சென்ட்ரல்லயே இருக்காமே. மாத்தி ஏறிட்டா?

ஆமாம், இரண்டும் அங்கே சந்திக்கின்றன, வெவ்வேறு தளத்தில். கேட்டைத் தாண்டியதும் பலகைகளில் பச்சைப் பட்டை எங்கே போகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு இறங்கு. "பரங்கிமலை" என்று எழுதியிருக்கும். சில நேரம் கோயம்பேடு வழியாக விமான நிலையம் போகும் வண்டியும் அதே பச்சைத் தட நடைமேடைக்கு வரும். அதுவும் வடபழனி வழியாகத்தான் போகும், ஏறலாம். நீலத் தடத்திலும் விமான நிலையம் வண்டி உண்டு, அது அண்ணா சாலை வழியாகப் போகும். ஆகவே "விமான நிலையம்" என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, தடத்தின் நிறத்தைப் பார்.

ஏறிய பிறகு சரியான வண்டியா என்று தெரிந்துகொள்ள அடுத்த ஸ்டேஷன் பெயரே போதும். எழும்பூர், நேரு பார்க், கீழ்ப்பாக்கம் என்று வந்தால் சரி. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி. என்று வந்தால் நீலத் தடத்தில் இருக்கிறாய். அப்படி ஆனாலும் பதற வேண்டாம். வண்டியிலேயே ஆலந்தூர் வரை போ. அங்கேயும் இரண்டு தடமும் சந்திக்கின்றன. வெளியே வராமல், ஸ்டேஷனுக்குள்ளேயே பச்சைத் தட நடைமேடைக்கு மாறி, கோயம்பேடு, சென்ட்ரல் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் வடபழனி. சுற்றி வந்தாலும் வீடு வந்து சேரலாம். உயர் நீதிமன்றம், மண்ணடி என்று வந்தால்தான் எதிர்த் திசை. அப்போது அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் நடைமேடையில் சென்ட்ரலுக்குத் திரும்பிவிடு.

வடபழனி வர்றது எனக்கு எப்படித் தெரியும்? தூங்கிட்டேன்னா?

சென்ட்ரலிலிருந்து பன்னிரண்டாவது ஸ்டேஷன், ஏறத்தாழ அரை மணி நேரம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு முன்னும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள், கதவுக்கு மேலே பெயர் வரிசையும் இருக்கும்.

அதைவிட நல்ல அடையாளம் ஒன்று சொல்கிறேன். திருமங்கலம் வரை வண்டி சுரங்கத்துக்குள்தான் போகும், ஜன்னலில் உன் முகம்தான் தெரியும். திருமங்கலம் தாண்டியதும் வண்டி மெல்ல மேலே ஏறி வெளியே வரும். நீ போகும் நேரத்தில் கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருக்கும், சாலையும் வீட்டு மாடிகளும் கீழே தெரியும். அப்போது பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள். கோயம்பேடு, புறநகர் பேருந்து நிலையம், அரும்பாக்கம், அதற்கடுத்தது வடபழனி. நாலே ஸ்டேஷன், எழுந்து நிற்க நேரம் சரியாக இருக்கும்.

தூங்கிவிட்டால் அடுத்தது அசோக் நகர். அங்கே இறங்கி, கேட்டுக்கு வெளியே போகாமல் எதிர் நடைமேடைக்குப் போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்துவிடலாம்.

பை கொஞ்சம் கனமா இருக்கும்ணா. அம்மா காப்பித்தூள், மிளகு, பலாப்பழம் எல்லாம் கட்டி வச்சிருக்காங்க. அக்காவுக்கு ஒரு அரிவாள்மனையும் வாங்கியிருக்காங்க. விடுவாங்களா?

காப்பித்தூளும் மிளகும் தாராளமாகக் கொண்டுபோ, அக்கா வீட்டில் காத்துக்கிடக்கிறார்கள். அரிவாள்மனை வேண்டாம். நீளமான, கூர்மையான எதையும் மெட்ரோவில் விடமாட்டார்கள். பரிசோதனைத் திரையில் அந்த வளைந்த இரும்பு பளிச்சென்று தெரியும். விடியற்காலையில் பையைப் பிரித்துப்போட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதைச் சூரமங்கலம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. தீபாவளிக்கு அவர்கள் காரில் வரும்போது எடுத்துப் போகட்டும்.

பலாப்பழத்தை முழுசாகத் தூக்காதே. சுளையாக எடுத்து டப்பாவில் போட்டு, மூடி இறுக்கி, மேலே ஒரு துணி கட்டச் சொல். மூடிய பெட்டிக்குள் பலா வாசனை பரவினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடம்.

பையைப் பற்றி என் எண்ணம் இதுதான்: ஒரு கையில் தூக்கிக்கொண்டு நிற்காமல் படி ஏற முடிகிற அளவு இருக்கட்டும். மெட்ரோவில் எஸ்கலேட்டர் இருக்கும், பஸ்ஸில் இருக்காது. முதுகில் ஒன்று, கையில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

வடபழனியில இறங்கி பஸ் எங்க ஏறணும்? எந்த நம்பர்?

மெட்ரோ ஸ்டேஷன் நூறடி சாலையில், உயரத்தில் இருக்கிறது. கேட்டில் தாளைக் காட்டி வெளியே வந்து கீழே இறங்கி, யாரிடமாவது "வடபழனி சிக்னல்" என்று கேள். நூறடி சாலையும் ஆற்காடு சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது, மேலே பாலம் இருக்கும். நடக்கிற தூரம்தான். நீ ஏற வேண்டிய பஸ் ஆற்காடு சாலையில், மேற்கே போரூர் பக்கம் போவது.

நம்பரைவிட, போய்ச் சேரும் ஊரின் பெயரைப் பார். போர்டில் போரூர், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி என்று இருந்தால் ஏறலாம். அந்தச் சாலையில் ரொம்ப நாளாக ஓடும் நம்பர்கள் 17M, 25G. ஆனால் அதே நம்பர் எதிர்த் திசையிலும் வரும். பிராட்வே, அண்ணா சதுக்கம், கோடம்பாக்கம் என்று கண்டக்டர் கூவினால் நீ தப்பான பக்கம் நிற்கிறாய், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போ. கடக்கும்போது சிக்னலிலேயே கட, காலி சாலை என்று நடுவில் ஓடாதே. விடியற்காலையில்தான் வண்டிகள் வேகமாக வரும்.

அந்தச் சாலையில் மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் புதுத் தடம் வடபழனி, போரூர் வழியாகத்தான் வருகிறது. அதனால் பஸ் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றியிருப்பார்கள், சில இடத்தில் போக்குவரத்தையும் திருப்பிவிடுவார்கள். ஸ்டாப் பலகையைத் தேடிக்கொண்டு நிற்காமல், நாலு பேர் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் நின்று "போரூர் பஸ் இங்க நிக்குமா" என்று கேட்டுவிடு. பூக்கடை, டீக்கடைக்காரர்கள் சரியாகச் சொல்வார்கள்.

பஸ்ஸுக்கு எவ்வளவு? சென்னையிலயும் பெண்களுக்கு இலவசம்தானே?

சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசம், நம் சேலத்து டவுன் பஸ் மாதிரியேதான். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த பஸ் வந்தால் காசு வேண்டாம். இலவசம்தான் என்றாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துத் தருவார், வாங்கி வைத்துக்கொள். டீலக்ஸ் பஸ்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. விடியற்காலையில் முதலில் எது வருகிறதோ அதில் ஏறு. சில ரூபாய்க்காக இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேசவர்த்தினின்னு சொன்னா கண்டக்டருக்குப் புரியுமா? தாண்டிப் போயிட்டா?

நன்றாகப் புரியும், அந்தப் பக்கம் பழகிய பெயர் அது. ஏறியதுமே, "கேசவர்த்தினி வந்தா சொல்லுங்கண்ணா" என்று சொல்லி வை. விருகம்பாக்கம், ஆழ்வார்திருநகர் என்று வரும். ஆழ்வார்திருநகர் என்று கேட்டதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிடு. போரூர் என்று கூவினால் தாண்டிவிட்டாய். அப்போது இறங்கி, வடபழனி பக்கம் போகும் பஸ்ஸில் திரும்பி வா, மாமாவுக்கும் ஒரு போன் போடு.

வடபழனியில் பஸ் ஏறியதும் மாமாவை அழைத்தால் போதும். முன்னாலேயே அழைத்தால் அவர் அரை மணி நேரம் ஸ்டாப்பில் நிற்பார், அவருடைய சுபாவம் உனக்குத் தெரியுமே.

அப்ப மொத்தமா எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பேன்?

வண்டி 4 மணிக்குச் சென்ட்ரல் வந்ததாக வைத்துக்கொள்வோம். நாலே முக்கால் வரை உள்ளேயே இருக்கிறாய். பரிசோதனை, டிக்கெட், கீழே இறங்குவது எல்லாம் முடிந்து 5 மணியை ஒட்டி மெட்ரோ ஏறினால் ஐந்தரை வாக்கில் வடபழனி. இறங்கி நடந்து, பஸ்ஸுக்கு நிற்க ஒரு பதினைந்து இருபது நிமிடம். அந்நேரத்தில் நெரிசல் இருக்காது, பஸ்ஸில் இன்னொரு கால் மணி நேரம். ஆக, ஆறு, ஆறே கால் மணிக்கு அக்கா வீட்டில் காப்பி குடிக்கலாம்.

வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகி 6 மணிக்கு வந்தால் கணக்கு வேறு. காத்திருக்க வேண்டியதில்லை, இறங்கியதும் நேராக மெட்ரோவுக்குப் போகலாம், ஏழே கால், ஏழரைக்கு வீடு. எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டால்தான் சிரமம். மெட்ரோவில் அலுவலகக் கூட்டம் ஏறிவிடும், ஆற்காடு சாலையில் பஸ்ஸும் ஊர்ந்துதான் போகும். அப்படி ஆனால் வடபழனியிலிருந்து பஸ் வேண்டாம், மாமாவையே மெட்ரோ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வரும்போதும் இதே வழிதானா?

இதே வழியைத் திருப்பிப் போட்டால் சரி. சேலம் வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து கிளம்புவது இரவு 11 மணி வாக்கில். அப்போது மெட்ரோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் சாயங்கால நெரிசலில் ஆற்காடு சாலையைக் கடந்து வர வேண்டும். எட்டரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பு. வடபழனியில் பச்சைத் தடத்தில் "சென்ட்ரல்" என்று போட்ட வண்டியில் ஏறு, கடைசி ஸ்டேஷன் அதுதான், தூங்கினாலும் எழுப்பிவிடுவார்கள்.

ஜங்ஷனுக்கு வண்டி விடியுமுன் வந்துவிடும். ஏற்காட்டு முதல் பஸ்ஸுக்காகப் புது பஸ் ஸ்டாண்டில் போய் இருட்டில் உட்கார வேண்டாம், கண்ணு. ஆத்தூர் வழி வண்டியில் வந்தால் டவுன் ஸ்டேஷனில் இறங்கிவிடாமல் ஜங்ஷன் வரைக்கும் வா. காட்பாடி தாண்டியதும் ஒரு மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கு, நான் நடைமேடையில் நிற்பேன்.